முட்டை ஓட்டுப் பொடி: ஒரு ஓடு நாலு நாளைக்கு

முட்டை ஓட்டைப் பொடித்துச் சாப்பிட்டால் உடம்புக்குக் கால்சியம் கிடைக்குமா என்று கேட்டால், கிடைக்கும் என்றுதான் சொல்வேன். பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். மாத்திரை விற்கிறவன் இப்படிச் சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும். ஓட்டில் கிட்டத்தட்ட 95 சதவீதம் கால்சியம் கார்பனேட். நாங்கள் அட்டை அட்டையாகக் கொடுக்கும் சாதாரணக் கால்சியம் மாத்திரையில் இருப்பதும் அதே கால்சியம் கார்பனேட்தான். அட்டையின் பின்பக்கம் படித்துப் பாருங்கள்: 1250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட், அதில் கால்சியம் 500 மில்லிகிராம் என்று போட்டிருக்கும். ஓட்டுப் பொடியிலும் கணக்கு அதை ஒட்டித்தான் வரும், ஒரு கிராம் பொடிக்கு ஏறத்தாழ 380 மில்லிகிராம்.

ஆகவே என் சண்டை ஓட்டோடு இல்லை. வாட்ஸப்பில் சுற்றுகிற செய்முறையோடுதான். "ஓட்டைக் கழுவி, வெயிலில் காயவைத்து, மிக்ஸியில் அடித்து, தினம் ஒரு டீஸ்பூன் பாலில் கலந்து வெறும் வயிற்றில் குடியுங்கள், மூட்டு வலி பறந்துவிடும்." இதைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். அந்த ஒரே வரியில் தவறு மேல் தவறு.

முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிற ஒரு அக்கா கேட்டதை வைத்தே சொல்கிறேன். "தம்பி, முட்டைத் தோட்டைப் பொடிச்சு ஒரு கரண்டி தின்னா முட்டி வலி போயிரும்னு சொல்லுதாகளே, நெசமா?" அவருக்கு 52 வயது. மாதவிடாய் நின்று மூன்று வருடம் ஆகிறது. தைராய்டு மாத்திரை தினமும் காலையில் உண்டு. சிறுநீரகக் கல் வந்ததில்லை. நாள் முழுக்க முறத்தை மடியில் வைத்து வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிற வேலை.

முதலில் முட்டி வலி. கால்சியம் எலும்பின் அடர்த்திக்கு உதவும். மூட்டுத் தேய்மானத்தால் வருகிற வலியை அது ஆற்றாது. வலிக்காக இதைத் தொடங்கினால் ஒரு மாதத்தில் ஏமாந்துபோய் இரண்டு கரண்டியாக ஏற்றுவார்கள், அதுதான் எனக்குப் பயம். எலும்பு தேயாமல் இருக்க என்றால் சரி, பேசலாம்.

அப்புறம் அளவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி வளர்ந்தவர்களுக்கு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200. அக்காவின் சாப்பாட்டைக் கேட்டுக் கணக்குப் போட்டேன். காலையும் சாயங்காலமும் டீயில் போகிற பால் எல்லாம் சேர்த்து 200 மில்லி இருக்கும், அது ஏறத்தாழ 240 மில்லிகிராம். மத்தியானம் கொஞ்சம் மோர். சோறு, பருப்பு, காய், என்றைக்காவது முருங்கைக்கீரை. எல்லாம் கூட்டினாலும் 500-ஐ ஒட்டித்தான் வருகிறது. குறைவது 700. உடம்பு ஒரே வேளையில் 500 மில்லிகிராமுக்கு மேல் வந்தால் அதைச் சரியாக உறிஞ்சிக்கொள்ளாது. எனவே பொடியில் இருந்து 500, மிச்சத்தை ஒரு வேளைக் கேப்பைக் கூழில் எடுங்கள் என்றேன். ஐம்பது கிராம் கேப்பை மாவிலேயே 180 வரை கிடைக்கிறது.

இப்போது அந்த ஒரு டீஸ்பூனைப் பாருங்கள். தலைதட்டிய ஒரு டீஸ்பூன் பொடி ஏறத்தாழ 5 கிராம், அதாவது 1900 மில்லிகிராம் கால்சியம். ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு உணவும் மருந்தும் சேர்த்து ஒரு நாளின் உச்ச வரம்பே 2000 தான். சாப்பாட்டையும் கூட்டினால் அக்கா தினமும் வரம்பைத் தாண்டியிருப்பார். அளவு மிஞ்சினால் முதலில் மலச்சிக்கல் வரும். பிறகு தாகம், அடிக்கடி சிறுநீர், குமட்டல், காரணமில்லாத சோர்வு. இவை தெரிந்தால் பொடியை நிறுத்திவிட்டு இரத்தத்தில் கால்சியம் பார்க்க வேண்டும்.

தராசு இல்லாத வீட்டில் எப்படி அளப்பது? ஒரு கோழிமுட்டை ஓடு காய்ந்த பிறகு ஐந்து, ஐந்தரை கிராம் இருக்கும். அதாவது ஒரு ஓடு நாலு நாளைக்கு. பத்து ஓட்டைப் பொடித்தால் ஒரு ஆளுக்கு நாற்பது நாள். தினசரி அளவு தலைதட்டிய கால் டீஸ்பூன், அதற்கு மேல் வேண்டாம். கும்பாரமாக அள்ளினால் கணக்கு இரட்டிப்பாகிவிடும்.

செய்முறைக்கு வருகிறேன். ஆம்லெட்டுக்கு உடைத்த ஓடாக இருந்தால் ஒட்டியிருக்கிற வெள்ளைக்கருவை உடனே ஓடும் தண்ணீரில் கழுவிவிடுங்கள். நாலு நாள் ஓட்டை அடுப்படி மூலையில் ஈரமாகச் சேர்த்து வைக்கக் கூடாது, கிருமி பெருக அதைவிட நல்ல இடம் இல்லை. எச்சம் ஒட்டிய ஓடு, விரிசலோடு வாங்கிய முட்டையின் ஓடு இரண்டையும் ரோஜாச் செடிக்குப் போட்டுவிடுங்கள். நாட்டுக்கோழி முட்டை என்றால் இன்னும் சுத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். பழைய பேட்டரி உடைக்கிற இடம், பெயின்ட் உதிர்ந்த சுவர், குப்பை எரிக்கிற இடம் பக்கத்தில் மேய்கிற கோழிக்கு ஈயம் ஏற வாய்ப்பு உண்டு. அந்தக் கோழியின் ஓடு வேண்டாம்.

கழுவிய ஓட்டைப் பாத்திரத்தில் மூழ்கும்படி தண்ணீர் விட்டு, தளதளவென்று கொதிக்க ஆரம்பித்த பிறகு பத்து நிமிடம் வேகவிட வேண்டும். இதை விட்டுவிடவே கூடாது. கோழியின் குடலில் இருக்கிற சால்மோனெல்லா கிருமி ஓட்டின் மேலும் ஒட்டியிருக்கும். கழுவினால் போகாது, வெயிலிலும் நம்பும்படி சாகாது, கொதித்தால் செத்துவிடும். அவித்த முட்டையின் ஓடாக இருந்தாலும் உரித்த கையும் தட்டும் பட்டிருப்பதால் நான் மறுபடி கொதிக்கவைக்கத்தான் சொல்வேன். வெந்த ஓட்டின் உள்ளே இருக்கிற மெல்லிய தோலை முடிந்தவரை உரித்துவிடுங்கள். அது இருந்தால் கெடுதல் இல்லை, ஆனால் பொடியாகாமல் பிசிறு பிசிறாக நிற்கும்.

காயவைப்பது அடுத்து. நம் ஊர் வெயில் போதும் என்று தோன்றும். ஆனால் ஆடிக் காற்றில் மொட்டை மாடியில் எதைக் காயப்போட்டாலும் மண்ணும் சேர்ந்துதான் காயும், ஈயும் உட்காரும். கொதிக்கவைத்துச் சுத்தமாக்கியதை மறுபடி அழுக்காக்குவானேன். தோசைக்கல்லில் சிறு தீயில் கிளறி, கையால் ஒடித்தால் படக்கென்று முறிகிற வரை வறுத்தால் போதும். முடி கருகின வாடை வந்தால் உள்தோல் தீய்கிறது, தீயைக் குறையுங்கள். கரி அடுப்பில் போட்டுச் சுட்டு நீற்றுகிற வேலை மட்டும் வேண்டாம். கடுஞ்சூட்டில் கால்சியம் கார்பனேட் சுட்ட சுண்ணாம்பாக மாறும், அது வாயையும் குடலையும் புண்ணாக்கும். சித்த மருத்துவத்தில் முட்டை ஓட்டுப் பற்பம் இருக்கிறதே என்பார்கள். அது முறையாகப் புடம் போட்டுச் செய்கிற மருந்து, வைத்தியர் அளவு சொல்லிக் கொடுப்பது. அது வேண்டுமென்றால் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரிக்குப் போய்க் கேளுங்கள். வீட்டுப் பொடியும் அதுவும் ஒன்றல்ல.

பொடிப்பதில்தான் பெரும்பாலோர் தோற்கிறார்கள். மிக்ஸியின் சின்ன ஜாரில், ஈரம் துளியும் இல்லாமல், விட்டு விட்டு அடிக்க வேண்டும். அடித்தவுடன் மூடியைத் திறக்காமல் தூசி அடங்கட்டும், அது மூக்குக்குள் போகக் கூடாது. பிறகு மெல்லிய வேட்டித் துணியில் சலியுங்கள். மாவு சல்லடையில் சலித்தால் நறநறவென்ற சில்லுகளும் கீழே வந்துவிடும், அந்தக் கூர் முனைதான் தொண்டையையும் குடலையும் கீறும். துணியில் தங்குவதைத் திரும்ப ஜாரில் போடுங்கள். சரியான பொடி விரல்களுக்கு நடுவே முகப் பவுடர் மாதிரி வழுக்கும், ஒரு சிட்டிகையை முன்பல்லில் கடித்தால் சத்தம் வராது. சந்தேகம் இருந்தால் ஒரு சிட்டிகையை வினிகரில் போடுங்கள். நுரைத்துக் கரைய வேண்டும். அரை மணி நேரம் கழித்தும் அடியில் துகள் துகளாகக் கிடந்தால் மறுபடி அரையுங்கள்.

இனி எப்போது சாப்பிடுவது. கால்சியம் கார்பனேட் கரைய இரைப்பையில் அமிலம் வேண்டும், அது சாப்பாட்டோடுதான் நன்றாகச் சுரக்கும். வெறும் வயிற்றில் வேண்டாம் என்பது அதனால்தான். சாப்பாட்டோடு எடுத்தால் இன்னொரு நன்மை, கீரையில் இருக்கிற, சிறுநீரகக் கல்லை உண்டாக்கும் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியே கொண்டுபோய்விடும். சாப்பாடு இல்லாமல் தனியாக எடுத்தால் சிறுநீரகக் கல்லுக்கு வாய்ப்பு கூடுகிறது. தண்ணீரிலோ பாலிலோ கலக்கினால் கரையாது, டம்ளர் அடியில் தங்கிவிடும். குழம்புச் சோற்றின் முதல் உருண்டையில் பிசைந்து சாப்பிடுவதுதான் நல்லது. தோசை மாவில் மொத்தமாகக் கலந்தால் யார் எவ்வளவு சாப்பிட்டார் என்ற கணக்கே இருக்காது.

அக்காவுக்கு மத்தியானச் சாப்பாட்டைச் சொன்னேன், அதற்குக் காரணம் தைராய்டு மாத்திரை. கால்சியம் அந்த மாத்திரையைக் குடலில் பிடித்துக்கொண்டு உடம்புக்குள் போகவிடாது. நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். காலை ஆறு மணிக்கு மாத்திரை, ஒரு மணிக்குச் சோறும் பொடியும் என்றால் சிக்கல் இல்லை. காலைப் பாலில் கலந்திருந்தால் மாத்திரை வீணாகி, இரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைவாக வந்து, மருத்துவர் காரணம் தெரியாமல் டோஸைக் கூட்டியிருப்பார். இரும்புச்சத்து மாத்திரைக்கும், சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக்குகளுக்கும் இதே இடைவெளிப் பிரச்சினை உண்டு. வாயுத் தொல்லைக்கு என்று பான்டோபிரசோல் தினமும் போடுகிறவர்களுக்கு அமிலமே குறைவு, ஓட்டுப் பொடி சரியாகக் கரையாது. அவர்கள் மருத்துவரிடம் கேட்டுக் கால்சியம் சிட்ரேட் மாத்திரை வாங்கட்டும்.

சிறுநீரக நோய் உள்ளவர்கள், கல் வந்தவர்கள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே வேண்டாம். வாரம் ஒரு முறை 60,000 யூனிட் வைட்டமின் டி எடுத்துக்கொண்டிருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் சேர்க்கக் கூடாது, கால்சியம் வேகமாக ஏறும். குழந்தைகளுக்கு வீட்டுப் பொடி வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வைட்டமின் டி சேர்ந்த கால்சியம் மாத்திரை இலவசமாகத் தருகிறார்கள், அளவு சரியாக அச்சிட்ட மாத்திரை இருக்கும்போது வீட்டுப் பொடி எதற்கு?

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இம்புட்டு வேலையா தம்பி?" என்றார். ஆமாம், இவ்வளவு வேலைதான். இதில் கொதிக்கவைப்பதையோ துணியில் சலிப்பதையோ விட்டுவிடுவோம் என்று தோன்றுகிறவர்கள் மாத்திரை வாங்கிக்கொள்வதே மேல், பலன் ஒன்றுதான். அக்கா செய்கிறேன் என்றார். வீட்டுக்குள்ளேயே இருக்கிற வேலை என்பதால் முதலில் வைட்டமின் டி அளவையும் தைராய்டையும் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். வைட்டமின் டி குறைவாக இருந்தால் எத்தனை ஓடு பொடித்தாலும் அதில் சொற்பம்தான் உடம்பில் சேரும்.