தேய்வது எது?

போன மாதம் பாத்ரூம் அலமாரியை ஒழித்தபோது ஒரு கவர் நிறைய யூஸ் அண்ட் த்ரோ ரேசர்கள் கிடைத்தன. ஒன்றுவிட்டு ஒரு நாள் ஷேவ் செய்கிறேன். ஐந்து ஷேவுக்கு ஒரு ரேசர் என்றால் வருடத்துக்கு முப்பத்தாறு. அத்தனையிலும் பிடி புத்தம் புதுசாகத்தான் இருந்தது. மழுங்கியது அந்த மெல்லிய இரும்பு விளிம்பு மட்டும். ஆனால் அது பிளாஸ்டிக்குக்குள் புதைந்திருப்பதால் தனியே பிரித்தெடுக்க முடியாது. பழைய பேப்பர்காரர்கூட வாங்குவதில்லை.

அப்பா வைத்திருந்தது மூன்று துண்டுகளாகக் கழலும் உலோக ரேசர். பிடி, அடித்தகடு, மேல்மூடி. நடுவில் இருபக்க பிளேடு. 1904-ல் கிங் கேம்ப் ஜில்லெட் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய அதே அமைப்புதான். அதில் தேய்கிற பாகத்தை மட்டும் மாற்றுகிறோம். பிளேடின் கனம் 0.1 மில்லிமீட்டர். ஒரு வருடத்து முப்பத்தாறு பிளேடையும் அடுக்கினால் நாலு மில்லிமீட்டர்கூட வராது.

சரி, நானும் ஒன்று வாங்கினேன். முதல் நாளே தாடையில் இரண்டு வெட்டு. பிளாஸ்டிக் ரேசரை அழுத்திப் பழகிய கை அல்லவா! இதை அழுத்தவே கூடாது, அதன் எடையே போதும். சருமத்துக்கு முப்பது டிகிரி போலச் சாய்த்து, முடி வளரும் திசையிலேயே முதலில் இழுக்க வேண்டும். வழித்துக்கொண்டு போகாமல் முடியைப் பிடித்து இழுப்பதுபோல் இருந்தால் பிளேடு முடிந்தது என்று அர்த்தம். எனக்குக் கை பழக இரண்டு வாரம் ஆனது.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மலிவானவை பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே பளபளவென்று முலாம் பூசியவை. கீழே விழுந்தால் மரை இருக்கும் தண்டு ஒடிந்துவிடும். ஒட்ட வைக்க வழியில்லை. பித்தளையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ கேட்டு வாங்குங்கள், விலை கூடத்தான். விமானத்தில் கைப்பையில் இந்த பிளேடை விடமாட்டார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

டூத்பிரஷில் இதே கணக்கு போட்டால் கொஞ்சம் கடுப்பாக இருக்கிறது. மூங்கில் பிரஷ் என்று விற்கிறார்களே, அதிலும் தேய்கிற தூவிகள் பெரும்பாலும் நைலான்தான். தேயாத கைப்பிடியைத்தான் மாற்றியிருக்கிறார்கள். தலையை மட்டும் மாற்றும் பிரஷ்தான் நியாயமானது, எங்கள் தெருக் கடைகளில் அது கிடைப்பதில்லை.

அப்புறம், பழைய பிளேடைத் தயவுசெய்து குப்பையில் அப்படியே போடாதீர்கள், தூய்மைப் பணியாளர் கையைக் கிழிக்கும். நான் ஒரு பழைய பவுடர் டின்னில் கத்தியால் கீறல் போட்டு அதற்குள் தள்ளிவிடுகிறேன். இப்போதைக்கு ஆட்டினால் ரெண்டு மூணு பிளேடு கலகலக்கும் சத்தம்தான். நிறைந்ததும் கீறலை டேப் போட்டு ஒட்டி, டின்னோடு பழைய இரும்புக் கடையில் கொடுக்க வேண்டும். அதற்கு எப்படியும் சில வருடம் ஆகும்.