ஒரே விசாகம், இரண்டு நிலா

எங்கள் சொந்தத்தில் போன மாதம் ஒரு சம்பந்தம் தட்டிப்போகப் பார்த்தது. பெண்ணும் பையனும் ஒரே விசாகம், துலாம் ராசி. ஒரே நட்சத்திரம் என்பதைக்கூட விதிவிலக்கு சொல்லிச் சமாளித்துவிட்டார்கள். ஆனால் பெண் வளர்பிறை சதுர்த்தசி, பையன் தேய்பிறை சதுர்த்தசி, குணம் ஒத்தே போகாது என்று யாரோ சொல்லிவிட, அத்தை அதைப் பிடித்துக்கொண்டார்.

பத்துப் பொருத்தத்தில் திதி கிடையாது. தினம், கணம், ரஜ்ஜு எல்லாம் நட்சத்திரத்தையும் ராசியையும் வைத்துத்தான். இருந்தாலும் மனோகாரகன் சந்திரன்தானே, அது தேய்ந்திருந்தால் மனமும் தளர்ந்திருக்கும் என்பது அத்தை கட்சி. சரி, கணக்கைப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

சூரியனிலிருந்து சந்திரன் எத்தனை பாகை முன்னே போயிருக்கிறது என்று பார்த்து, 12 பாகைக்கு ஒரு திதி. இருவருக்கும் சந்திரன் துலாத்தில் 25 பாகை. பெண் பிறந்தது வைகாசி, சூரியன் ரிஷபத்தில் 9. வித்தியாசம் 166 பாகை, பதினான்காவது திதி. பையன் கார்த்திகை, சூரியன் விருச்சிகத்தில் 9. சந்திரன் சூரியனை எட்டிப்பிடிக்க இன்னும் 14 பாகைதான் பாக்கி. அதாவது 346, இருபத்தொன்பதாவது திதி.

நிலா இருவருக்கும் ஒரே இடத்தில்தான் நிற்கிறது. மாறியது சூரியன், அதாவது மாதம். இந்தப் பாகையில் சந்திரன் உள்ளவர்கள் சித்திரைக் கடைசியிலிருந்து ஐப்பசிக் கடைசிவரை பிறந்தால் வளர்பிறை, மற்ற ஆறு மாதத்தில் பிறந்தால் தேய்பிறை. அப்படியானால் அத்தை சொல்வது, வைகாசிப் பெண்ணுக்கும் கார்த்திகைப் பையனுக்கும் ஒத்துவராது என்பதுதான். அப்படிச் சொன்னால் அவரே சிரிப்பார். திதி என்று சொன்னால் பயம் வருகிறது.

சாஸ்திரத்தையே நம்பினாலும் வளர்பிறை, தேய்பிறை என்று பெயரை மட்டும் பார்ப்பது போதாது. வளர்பிறைப் பிரதமையில் நிலா கண்ணுக்கே தெரியாது. தேய்பிறை துவிதியையில் கிட்டத்தட்ட முழு நிலா. பட்ச பலம் பார்ப்பவர்களில் முப்பது திதியை மூன்று பத்தாகப் பிரித்து, வளர்பிறை ஏகாதசியிலிருந்து தேய்பிறை பஞ்சமி வரையே முழு பலம் என்பவர்கள் உண்டு. பெயர்ப் பலகை பார்த்துக் குணம் சொல்கிறவர்கள் இதையெல்லாம் கேட்பதில்லை. குணத்துக்கும் பிறையின் அளவுக்கும் தொடர்பு உண்டு என்பதை நான் நம்பவில்லை, அது வேறு விஷயம்.

பிறந்த நேரம் இன்னொரு வம்பு. பையனுக்கு அமாவாசை திதி தொடங்க 2 பாகை பாக்கி, சுமார் நான்கு மணி நேரம். அவன் ஜாதகம் வாக்கியப் பஞ்சாங்கத்தில் கணித்தது. திருக்கணிதப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டால் திதி முடியும் நேரம் சில மணி நேரம் விலகுவது சகஜம். இதைச் சொன்னதும் அத்தை முகம் தெளிந்தது. நம்மூரில் அமாவாசை நல்ல நாளாயிற்றே! திருக்கணிதத்தில் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார். அமாவாசை என்று வந்தால் பெண் பார்க்க வரலாமாம்.