பட்டனை மேலே ஏற்றச் சொன்னால் பக்கத்தையே புரட்டிப் போடுகிறது

சந்தூரில் சித்தப்பாவுக்கு மாங்கன்று நர்சரி. வெளியூர்க்காரர்கள் பார்த்துக் கூப்பிட ஒரு இணையதளம் வேண்டும் என்றார். ஏஐயிடம் சொன்னால் நொடியில் ரெடி என்கிறார்கள். முதல் வரைவு நிஜமாகவே நொடியில் வந்துவிட்டது. அதைத் திருத்தச் சொல்லும்போதுதான் உயிர் போகிறது.

போன் பட்டன் பக்கத்தின் அடியில் கிடந்தது. மேலே கொண்டு வா என்றேன். கொண்டு வந்தது. கூடவே, வரி வரியாகச் சரிபார்த்து வைத்திருந்த பெங்களூரா, செந்தூரா மா ரகங்களின் விவரத்தையும் மாற்றி எழுதிவிட்டது. யார் கேட்டது? இந்த மாதிரி கருவிகள் பல நேரம் சொன்ன இடத்தை மட்டும் தொடுவதில்லை, பக்கம் முழுவதையும் புதிதாக எழுதுகின்றன. அப்படி எழுதியதில் பட்டனுக்குப் பின்னால் இருந்த `tel:` இணைப்பு காணாமல் போயிற்று. எண் பார்க்க அப்படியே இருக்கிறது, செல்போனில் தட்டினால் அழைப்பு போகாது. கணினித் திரையிலேயே பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படுமா?

சரி, நடையாவது மாறட்டும் என்று, விவசாயிக்குப் புரிகிற மாதிரி எளிமையாக எழுது என்றேன். 'உங்கள் கனவுத் தோட்டம்!' என்று ஆரம்பித்து ஆச்சரியக்குறிகளை அள்ளித் தெளித்தது. 10 மீட்டருக்கு 10 மீட்டர் நட்டால் ஏக்கருக்கு 40 கன்று, 5க்கு 5 என்றால் 160 என்ற கணக்கு இருந்தது. விவசாயி முதலில் கேட்பதே அதைத்தான். அதைத் தூக்கி எறிந்துவிட்டது. எளிமை என்றால் விவரத்தைக் குறைப்பது என்று அதற்கு நினைப்பு. கடைசியில் சித்தப்பா போனில் பேசுவதை அப்படியே நாலு வரி தட்டச்சு செய்து, இந்த மாதிரி எழுது, எண்களைத் தொடாதே என்ற பிறகுதான் வழிக்கு வந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வாங்கியவர்கள் கருத்துக்கு ஒரு பகுதி இல்லையே, சேர் என்றால், பெயர், ஊர், ஐந்து நட்சத்திரத்தோடு ஆட்களையே உண்டாக்கிவிட்டது! "யாருடா இந்த ஆளு? நம்மகிட்ட கன்னு வாங்குனதே இல்லியே" என்கிறார் சித்தப்பா. டெலிவரி பகுதியில் தமிழ்நாடு முழுவதும் இலவசம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறது. லாரி வாடகையை யார் கட்டுவது? நாளைக்கு ஒருவர் அதைப் படித்துவிட்டுக் கூப்பிட்டால், பேச்சு வாங்கப்போவது சித்தப்பாதானே?

இப்போது புதுப் பகுதி கேட்கும்போதெல்லாம், தெரியாத இடத்தில் 'விவரம் தேவை' என்று மட்டும் போடு, நீயாக எதையும் நிரப்பாதே என்று எழுதுகிறேன். ஒரு தடவைக்கு ஒரு பகுதியைத்தான் பெயர் சொல்லிக் கேட்கிறேன், மற்றதைத் தொடாதே என்றும் சேர்க்கிறேன். அதற்கு முன் பழைய பக்கத்தை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் செல்போனில் எண்ணைத் தட்டிப் பார்க்கிறேன். ஒரு பட்டனை நகர்த்த இவ்வளவு காவல்!

இத்தனைக்கும் பிறகு, அடிப்பகுதியின் நிறத்தை மட்டும் மாற்றச் சொன்னேன். நிறம் மாறியது. ரக அட்டவணை செல்போன் திரையின் வலது ஓரத்தைத் தாண்டி ஓடிவிட்டது. விலைப் பத்தியையே காணோம்.