பவுண்டில் கணக்குப் போடாதீர்கள், பெங்களூர் சம்பளத்தில் போடுங்கள்

வெளிநாட்டுப் படிப்புக்குக் கடன் வாங்கப் போகிற வீடுகளில் ஒரு கணக்கு மட்டும் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. பிள்ளைக்கு அங்கே வேலை கிடைக்காமல், விசா முடிந்து ஊர் திரும்பி, இங்கே ஒரு சாதாரண வேலையில் சேர்ந்தால் அந்தச் சம்பளத்தில் இஎம்ஐ கட்ட முடியுமா என்கிற கணக்கு அது. பெங்களூரில் ஒரு வங்கியின் கடன் பிரிவில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். என் பார்வையில் கையெழுத்துப் போடலாமா வேண்டாமா என்பதை முடிவு செய்ய வேண்டியது இந்த ஒரு கணக்குதான்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. அல்சூரில் எங்கள் தெருவில் இருக்கும் ஒருவர் சென்ற வாரம் மகளோடு வீட்டுக்கு வந்தார். பூர்வீகம் திருப்பத்தூர் பக்கம், பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வயது 55, இன்னும் மூன்று வருடத்தில் ஓய்வு. மகள் பி.இ. முடித்துவிட்டு ஒயிட்ஃபீல்டில் மாதம் 32,000 ரூபாய்க்கு வேலை பார்க்கிறாள். இங்கிலாந்தில் லண்டனுக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தில் பிசினஸ் அனலிடிக்ஸ் எம்.எஸ்சி., ஒரு வருடப் படிப்பு, இடம் கிடைத்துவிட்டது. ஒரு தனியார் நிதி நிறுவனம் வீட்டை அடமானம் கேட்காமல் 40 லட்சம் தருவதாக அனுமதிக் கடிதமும் கொடுத்துவிட்டது. "அண்ணா, எல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவை பாத்துடுங்க" என்று கடிதத்தை நீட்டினார். கூடவே கன்சல்டன்சியில் கொடுத்த பளபளப்பான தாள் ஒன்று. அதில் கல்விக் கட்டணம் 21,000 பவுண்டு, அதாவது 25 லட்சம் என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதன் கீழே ஒரே வரி: "வாழ்க்கைச் செலவு பார்ட்-டைம் வேலையில் வந்துவிடும்."

அந்த ஒரு வரிக்குள்தான் பாதிச் செலவு ஒளிந்திருக்கிறது. நாங்கள் மூவரும் உட்கார்ந்து ஒரு பவுண்டுக்கு 120 ரூபாய் என்று வைத்து முழுசாக எழுதிப் பார்த்தோம். கல்விக் கட்டணம் 25 லட்சம். லண்டனுக்கு வெளியே படிக்கும் மாணவர் மாதம் 1,171 பவுண்டு கையிருப்பு காட்ட வேண்டும் என்று இங்கிலாந்து அரசே விதி வைத்திருக்கிறது. அவர்கள் ஒன்பது மாதத்துக்குத்தான் காட்டச் சொல்கிறார்கள், ஆனால் சாப்பாடும் வாடகையும் பன்னிரண்டு மாதத்துக்கும் உண்டு. அது 14,000 பவுண்டு, கிட்டத்தட்ட 17 லட்சம். விசாவும் அதோடு முன்கூட்டியே கட்ட வேண்டிய மருத்துவக் கட்டணமும் சேர்ந்து 2 லட்சம். விமான டிக்கெட், ஆங்கிலத் தேர்வு, காசநோய்ப் பரிசோதனை, குளிருக்கு உடை, அறைக்கு முன்பணம் என்று இன்னொரு 2 லட்சம். மொத்தம் 46 லட்சம்.

பார்ட்-டைம் பற்றிச் சொல்ல வேண்டும். மாணவர் விசாவில் பாடக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். எம்.எஸ்சி.யில் கோடைக்காலத்தில் ஆய்வேடு எழுதும் மாதங்களும் பாடக் காலம்தான், அப்போதும் அதே வரம்பு. பலர் இதை விடுமுறை என்று நினைத்து முழுநேர வேலை பார்த்து விசாவுக்கே ஆபத்து தேடிக்கொள்கிறார்கள். குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.71 பவுண்டு. முதல் வாரத்திலிருந்து முழு 20 மணி நேரமும் கிடைத்தால் மாதம் 1,100 பவுண்டு வரும், தாளில் பார்த்தால் அழகான கணக்குதான். ஆனால் போய் இறங்கியதும் வேலை கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கடைக்காரர் கூப்பிடுகிற நேரம்தான் உங்கள் நேரம். அதில் பாதி வரும் என்று வைத்துக்கொள்வதே நல்லது. அந்தப் பணத்தையும் படிக்கும் வருடச் செலவில் கழிக்காதீர்கள். படிப்பு முடிந்ததும் அதற்கு ஒரு பெரிய வேலை காத்திருக்கிறது.

அது என்ன என்றால், படிப்பு முடிந்து அங்கேயே தங்கி வேலை தேட கிராஜுவேட் ரூட் என்று ஒரு விசா எடுக்க வேண்டும். விசா கட்டணமும் ஒன்றரை வருட மருத்துவக் கட்டணமும் சேர்ந்து ஏறக்குறைய 2,500 பவுண்டு, அதாவது 3 லட்சம். வேலை கிடைப்பதற்கு முன்பே ஒரே தவணையில் கட்ட வேண்டும். கடன் தொகை அதற்குள் தீர்ந்திருக்கும். அப்புறம் வேலை தேடும் மாதங்களுக்குச் சாப்பாடு, வாடகை. இந்த இரண்டும் எந்த கன்சல்டன்சி தாளிலும் நான் பார்த்ததில்லை. அவர்கள் உங்களிடம் கட்டணம் வாங்குவதில்லை என்றால், பல்கலைக்கழகம் அவர்களுக்குக் கமிஷன் தருகிறது என்று அர்த்தம். யாருக்காக அந்தத் தாள் தயாராகிறது என்பதைப் பிள்ளைகள் யோசிக்க வேண்டும்.

இப்போது வேலை வாய்ப்பு. கிராஜுவேட் ரூட் இதுவரை இரண்டு வருடம் இருந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான், முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கு மட்டும் மூன்று வருடம். இந்த செப்டம்பரில் சேரும் எம்.எஸ்சி. பிள்ளைகள் எல்லாருமே 18 மாதக் கணக்கில்தான் வருவார்கள். அந்த 18 மாதத்தில் ஏதோ ஒரு வேலை கிடைத்தால் போதாது. தொடர்ந்து இருக்க ஸ்கில்டு ஒர்க்கர் விசா வேண்டும். அதற்கு நிறுவனத்திடம் வெளிநாட்டவரை வேலைக்கு வைக்க அரசு தரும் ஸ்பான்சர் உரிமம் இருக்க வேண்டும், வேலை பட்டதாரி நிலை வேலையாக இருக்க வேண்டும், சம்பளம் வருடத்துக்குப் பொதுவாக 41,700 பவுண்டு இருக்க வேண்டும். புதிதாகப் படித்து முடித்தவர்களுக்குச் சலுகை உண்டு, அதிலும் குறைந்தது 33,400. அந்தத் தொழிலுக்கான சம்பள அளவு அதிகமாக இருந்தால் இதுவும் ஏறும். வெளிநாட்டவரை வேலைக்கு வைக்கிற பெரிய நிறுவனம் ஒவ்வொரு வருடத்துக்கும் 1,320 பவுண்டு அரசுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். அதே வேலைக்கு உள்ளூர்ப் பட்டதாரி வரிசையில் நிற்கும்போது நிறுவனம் ஏன் நம் பிள்ளைக்காக இதைக் கட்ட வேண்டும் என்ற கேள்விக்குப் பிள்ளையிடம் பதில் இருக்க வேண்டும்.

27,000 பவுண்டு சம்பளத்தில் ஒரு வேலை கிடைக்கிறது என்று வையுங்கள். வரி போக மாதம் 1,900 பவுண்டு போலக் கையில் வரும். செலவு போக 600 மிஞ்சும், இஎம்ஐ கட்டிவிடலாம். பிள்ளை போனில் "வேலை கிடைச்சிடுச்சுப்பா" என்று சொல்வாள், வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் அந்தச் சம்பளம் விசாவுக்குப் போதாது. 18 மாதம் முடிந்ததும் அந்த வேலையும் முடிந்துவிடும். இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன.

இங்கிலாந்து அரசின் gov.uk தளத்தில் ஸ்பான்சர் உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியல் முழுதாக இருக்கிறது, யாரும் இறக்கிக்கொள்ளலாம். தான் படிக்கும் துறைக்கு வேலை விளம்பரம் போடுகிற இருபது நிறுவனங்களை எடுத்து, எத்தனை அந்தப் பட்டியலில் இருக்கின்றன, எத்தனை 33,400க்கு மேல் தருகின்றன என்று பார்க்கச் சொன்னேன். பெண் கெட்டிக்காரி, அங்கேயே லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள். பல்கலைக்கழகம் "இத்தனை சதவீதம் பேர் வேலையில்" என்று சொல்லும் எண்ணைவிட இது பயன்படும். அந்த எண்ணில் உள்ளூர் மாணவர்களும் இருப்பார்கள், கடை வேலையும் இருக்கும்.

அப்புறம் அனுமதிக் கடிதத்துக்கு வந்தோம். வட்டி 12 சதவீதம், மாறும் வட்டி. படிப்புக் காலமும் அதன் பின் ஆறு மாதமும் இஎம்ஐ கிடையாது. அப்பா அதை வட்டியே கிடையாது என்று எடுத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த வரியை விரலை வைத்துப் படித்துக் காட்டினேன்: அந்த 18 மாத வட்டி அசலோடு சேரும். முதலில் 25 லட்சமும் மீதி வருடத்துக்குள்ளும் போகிறது என்று வைத்தால், ஏறக்குறைய ஆறரை லட்சம் வட்டி ஏறுகிறது. வாங்கியது 40, கட்டத் தொடங்கும்போது 46.5 லட்சம். பத்து வருடத்துக்கு மாத இஎம்ஐ 66,700 ரூபாய், மொத்தம் கட்டுவது 80 லட்சம். "பதினஞ்சு வருஷமா மாத்திக்கலாம்னாங்களே" என்று அப்பா கேட்டார். மாற்றலாம். இஎம்ஐ 55,800 ஆகும், மாதம் 11,000 குறையும். மொத்தம் கட்டுவது ஒரு கோடியைத் தாண்டும்.

பொதுத்துறை வங்கியில் வட்டி குறைவு, சலுகைக் காலத்தில் பெரும்பாலும் தனி வட்டிதான், படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை அவகாசம் உண்டு. ஆனால் இந்த அளவுக் கடனுக்கு, பெரிய பெயருள்ள சில கல்வி நிறுவனங்களுக்குத் தவிர, சொத்து அடமானம் கேட்பார்கள். இவர்களுக்கு இங்கே வாடகை வீடு, திருப்பத்தூரில் இருப்பது அண்ணன் தம்பிகள் பிரிக்காத வீடு. அதைக் கேட்கவே கூடாது என்று நானே சொன்னேன்.

மகள் ஊர் திரும்பினால் என்ன ஆகும்? ஒரு வருட அனுபவம், ஒரு வெளிநாட்டு எம்.எஸ்சி. பெங்களூரில் வருடம் 7 லட்சம் என்றால் மாதம் கையில் 53,000 போல வரும். இஎம்ஐ 66,700. சம்பளம் முழுசாகக் கொடுத்தாலும் போதாது. மீதியை அப்பா போட வேண்டும், அவரோ இஎம்ஐ தொடங்கி ஒன்றரை வருடத்தில் ஓய்வு பெறுகிறார். அவர் வெறும் சாட்சிக் கையெழுத்துப் போடவில்லை, கூட்டாகக் கடன் வாங்குகிறவர். தவணை தவறினால் அவருடைய சிபிலிலும் அது ஏறும், 90 நாள் தாண்டினால் வாராக்கடன்.

கணக்கைத் தலைகீழாகப் போடச் சொன்னேன். 53,000 சம்பளத்தில் வீட்டு வாடகைக்கும் உதவிக்கொண்டு இஎம்ஐக்கு 25,000 ஒதுக்கலாம். அந்த இஎம்ஐக்கு, சேரும் வட்டியையும் கழித்தால், வாங்கக்கூடிய கடன் 15 லட்சம். இந்தக் குடும்பத்தின் வரம்பு அவ்வளவுதான். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. மகள்தான் கேட்டாள், "மாமா, 15 லட்சத்துல எங்க படிக்க முடியும்?"

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மவர்களுக்கு ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ. விசாவுக்கு முடக்கக் கணக்கில் ஒரு வருடத்துக்கு 11,904 யூரோ போட வேண்டும், மாதாமாதம் அதிலிருந்துதான் எடுத்துச் செலவு செய்வது. படிப்பு இரண்டு வருடம், முடிந்ததும் வேலை தேட 18 மாதம். அவள் ஒன்றரை வருடம் வேலையில் இருந்து சேர்த்துக்கொண்டு போனால், கடன் 40 லட்சத்தைவிட வெகுவாகக் குறையும், 15 லட்சத்துக்குள் நிறுத்த இன்னும் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பாடம் ஆங்கிலத்தில் இருந்தாலும் வேலை கொடுப்பவர்கள் பலர் ஜெர்மன் பி2 நிலை கேட்கிறார்கள், அது நாலைந்து மாதத்தில் வருவதல்ல. இந்திராநகரில் ஜெர்மன் கற்றுத்தரும் மாக்ஸ் முல்லர் பவன் நம் தெருவிலிருந்து பக்கம்தான், வேலைக்குப் போய்க்கொண்டே ஏ1 என்கிற முதல் நிலையில் சேரலாம் என்றேன். இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்துக்கு முன்பணம் கட்டக் கடைசி நாள் வரும் வெள்ளிக்கிழமை. கட்டுவதற்கு முன், சேர்க்கையை அடுத்த வருடத்துக்குத் தள்ள முடியுமா என்று கேட்டு அவள் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறாள்.