நாலு என்ற சொல்லோடு ஆயத் முடிந்துவிடவில்லை

போன வாரம் தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு கல்யாண வீடு. சாப்பாடு முடிந்து உட்கார்ந்திருந்த மாமா ஒருவர், "நமக்கு நாலு கல்யாணம் வரைக்கும் அனுமதி உண்டுல்லா" என்று சொல்லிச் சிரித்தார். மாமி ஒன்றும் பேசவில்லை. மாமாவுக்கு முன்னால் இருந்த வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மாமா சொன்னது பாதி ஆயத், அதாவது பாதி வசனம். குர்ஆன் 4:3 அனாதைகளுக்கு அநீதி செய்துவிடுவோமோ என்ற பயத்தில் தொடங்கி, இரண்டு, மூன்று, நான்கு என்று சொல்லி, "நீதமாக நடக்க முடியாது என்று பயந்தால் ஒருத்தி மட்டும்" என்று போகிறது. நீதம் தவறிய பிறகு அல்ல, தவறுமோ என்ற பயம் வந்தாலே ஒருத்திதான்.

சரி, நீதம் என்றால் என்ன? இதை மனசு சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் நினைத்துக்கொண்டு, "ரெண்டு பேர் மேலயும் பாசமாத்தான் இருக்கேன்" என்று தப்பித்துக்கொள்கிறார்கள். ஃபிக்ஹ் என்ற இஸ்லாமியச் சட்ட நூல்கள் அப்படி விடவில்லை. அவை இரவுகளை எண்ணுகின்றன. இதற்குக் கஸ்ம் என்று பெயர்.

எனக்குத் தெரிந்த ஒருவர், பேரும் ஊரும் வேண்டாம், சவூதியில் வேலை. மூத்த மனைவி தக்கலைப் பக்கம். 45 நாள் லீவில் வந்த அன்றே நாகர்கோவிலில் ஒரு விதவையை நிக்காஹ் செய்தார். லீவு முடிந்தபோது கணக்குப் பார்த்தால் தக்கலையில் இருந்தது 9 இரவு, நாகர்கோவிலில் 36. கேட்டால், "ரெண்டு வீட்டுக்கும் ஒரே தொகைதான் அனுப்புறேன், பின்ன என்ன குறை?" என்கிறார்.

குறையை இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒன்றான ஷாஃபி மத்ஹபின் கணக்குப்படி பார்ப்போம். புதிதாக வரும் மனைவி கன்னியாக இருந்தால் தொடக்கத்தில் 7 இரவு அவருக்குத் தனி உரிமை, ஏற்கெனவே மணமானவர் என்றால் 3. இங்கே 3. மீதி 42 இரவில் ஆளுக்கு 21. ஆனால் புதியவருக்கு 33, மூத்தவருக்கு 9. இந்த 24 இரவு வித்தியாசம் கடன். அடுத்த லீவில் வந்து இறங்கியதும் 24 இரவு தக்கலையில் கழித்தால்தான் கணக்கு நேராகும். மூத்தவர் மனதார விட்டுக்கொடுத்தால் மட்டும் விலக்கு. அப்புறம், சம்மதம் இல்லாமல் இருவரையும் ஒரே வீட்டில் வைக்கவும் கூடாது.

அவர் இன்னொன்றும் செய்தார். ஃபேமிலி விசா எடுத்து இளையவரை மட்டும் அழைத்துப் போனார். நபி (ஸல்) பயணம் போகும்போது மனைவியரிடையே சீட்டுப் போட்டு, பெயர் வந்தவரை அழைத்துப் போனதாக ஹதீஸ் இருக்கிறது. அது போய்த் திரும்பும் பயணத்துக்கு. குடிபெயர்ந்து போகும்போது சீட்டுப் போட்டாலும் ஒருத்தியை மட்டும் கூட்டிப்போக முடியாது என்கிறது ஷாஃபி மத்ஹப். வளைகுடா வேலை இதில் எந்த வகை என்று வருஷக்கணக்கில் அங்கே இருப்பவர்களுக்கே தெரியும்.

இனி நவீன அறிஞர்கள். அதே அத்தியாயத்தின் 129ஆம் ஆயத், நீங்கள் எவ்வளவு ஆசைப்பட்டாலும் மனைவியரிடையே நீதமாக நடக்க உங்களால் முடியாது என்கிறது. எகிப்தின் முஹம்மது அப்துஹு (மறைவு 1905) போன்றவர்கள் இரண்டையும் சேர்த்து வாசித்தார்கள்: நீதம் நிபந்தனை, அது கைகூடாது, ஆகவே பலதாரம் அவசியத்துக்கு மட்டும். துனிசியா 1956ல் தடையே கொண்டுவந்தது. மொராக்கோவில் 2004 சட்டப்படி நீதிபதியின் அனுமதி வேண்டும்.

மரபு உலமாக்களின் மறுப்பையும் சொல்லவேண்டும். 129 பேசுவது மனசின் சாய்வைப் பற்றி, அது யார் கையிலும் இல்லை; அதனால்தான் அந்த ஆயத் "ஒரேயடியாகச் சாய்ந்து மற்றவளை அந்தரத்தில் தொங்கவிடாதீர்கள்" என்று தொடர்கிறது என்பார்கள். இலக்கணப்படி அவர்கள் வாசிப்பு வலுவானது என்றே எனக்கும் படுகிறது. ஆனால் அதை ஏற்றாலும் நம் ஆள் தப்பவில்லை. தக்கலையில் இருப்பவர் அந்தரத்தில்தான் தொங்குகிறார். தலாக்கும் இல்லை, புருஷனும் இல்லை.

இந்தியாவில் 1939ஆம் வருஷத்து முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தில், ஒன்றுக்கு மேல் மனைவி உள்ளவர் குர்ஆனின் கட்டளைப்படி சமமாக நடத்தாவிட்டால், அந்த மனைவி கோர்ட்டில் விவாகரத்து கேட்கலாம் என்று ஒரு பிரிவு உண்டு. இதை அந்தத் தக்கலை அக்காவிடம் சொன்னபோது அவர் உடனே உள்ளே போய்ப் பழைய காலண்டரை எடுத்து வந்தார். புருஷன் வந்து தங்கிய நாட்களை மட்டும் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தார். ஒன்பது வட்டம்.