டயருக்கு எண்ணெய் தடவச் சொல்லும் வாட்ஸப் செய்தி

"வின்டர் டயரைக் கழற்றியதும் பெட்ரோலியம் ஜெல்லி தடவி, கராஜில் கொக்கியில் தொங்கவிடுங்கள், ரப்பரில் விரிசலே விழாது."

கனடாவில் இருக்கும் நம் ஆட்கள் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு. டயர் ரப்பரிலேயே ஓசோனைத் தடுக்கும் மெழுகும் ரசாயனமும் கலந்திருக்கின்றன, அவை மெல்ல மேலே வந்து படிந்து ரப்பரைக் காக்கின்றன (பக்கவாட்டில் தெரியும் பழுப்பு நிறம் பெரும்பாலும் அதுதான், தேய்த்து எடுக்க வேண்டாம்). பெட்ரோலிய எண்ணெய் ரப்பருக்குள் ஊறி அதை உப்பவைத்து மென்மையாக்கிவிடும். சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, கறுப்பு பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டினால் போதும்.

தொங்கவிடுவது ரிம்மோடு இருக்கும் டயருக்குச் சரி, ஏனென்றால் எடையை ரிம் தாங்கும். அப்படிப்பட்ட நான்கையும் படுக்கவைத்து அடுக்கவும் செய்யலாம். ரிம் இல்லாத வெறும் டயரைக் கொக்கியில் மாட்டினால் மொத்த எடையும் ஒரே இடத்தில், ரிம்மைப் பிடிக்கும் விளிம்பில் விழுந்து, ஆறு மாதத்தில் அது வளைந்துவிடலாம். வெறும் டயரை நிமிர்த்தி நிற்கவைத்து, மாதம் ஒருமுறை கொஞ்சம் உருட்டி வையுங்கள்.

அப்புறம் இடம். ஃபர்னஸ் பக்கத்தில் சூடு, மின்மோட்டார் பக்கத்தில் ஓசோன், இரண்டுமே ரப்பரில் மெல்லிய விரிசலை உண்டாக்கும். இருட்டான, குளிர்ச்சியான மூலைதான் நல்லது.

சந்தேகம் இருந்தால் உங்கள் டயர் நிறுவனத்தின் இணையதளத்தில் சேமிப்புப் பக்கத்தைப் பாருங்கள். அந்தச் செய்தியைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.