இரண்டாவது கண்ணாடிக்குப் பாதி விலையாம்!

"இரண்டாவது கண்ணாடிக்கு 50 சதவீதத் தள்ளுபடி" என்று மூக்குக் கண்ணாடிக் கடை வாசலில் ஆளுயரத்துக்கு எழுதி வைக்கிறார்கள். பில் போடும்போதுதான் தெரிகிறது, அந்தப் பாதி விலை பிரேமுக்கு மட்டும்தானாம். ஏன்யா, வெறும் பிரேமை மாட்டிக்கொண்டு நான் எதைப் பார்ப்பது?

கணக்குப் போட்டே பார்ப்போம். பிரேம் 100 என்று வையுங்கள். லென்ஸ் 90, கோட்டிங் 60. ஆக ஒரு கண்ணாடி 250. அடுத்தது பாதி விலை என்றால் 125, இரண்டும் சேர்ந்து 375 என்றுதானே யாருக்கும் தோன்றும்? பில்லில் வருவது 450! இரண்டாவது பிரேமில் 50 கழிகிறது, லென்ஸும் கோட்டிங்கும் முழு விலைக்கே வருகின்றன. 500-க்கு 50 குறைந்தால் அது பத்து சதவீதம். இதில் "விலை குறைந்த பிரேமுக்குத்தான் ஆஃபர்" என்று பொடி எழுத்தில் வேறு இருக்கும். இரண்டாவதாக 60-க்கு ஒரு பிரேம் எடுத்தால் கழிவது வெறும் 30. மொத்தத் தொகையில் அது ஆறரை சதவீதம்தான்.

தள்ளுபடி இல்லாத இடத்தில்தான் விலையை ஏற்றுகிறார்கள். மைனஸ் ஒன்றரை பவர் உள்ளவருக்கு எதற்கு 1.67 இண்டெக்ஸ் லென்ஸ்? இந்த எண் ஏற ஏற லென்ஸ் மெலிதாகும், உண்மைதான். மைனஸ் ஆறுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் ஒன்றரைக்கு விளிம்பில் மிஞ்சிப் போனால் ஒரு மில்லிமீட்டர் குறையும், அவ்வளவுதான். கொஞ்சம் சின்ன பிரேமாக எடுத்தாலே தடிமன் தன்னால் குறையும், அதற்குக் காசும் கிடையாது. இதை எவரும் சொல்வதில்லை!

சாதாரண 1.5 லென்ஸில் ஒரு பக்கத்துக்கு சுமார் 4 சதவீத வெளிச்சம் எதிரொளித்து வீணாகும், 1.67-ல் அது 6 சதவீதத்தைத் தாண்டும். அதனால் மெலிந்த லென்ஸ் வாங்கினால் எதிரொளிப்பைக் குறைக்கும் ஏ.ஆர். கோட்டிங்கும் வாங்கித்தான் ஆக வேண்டும். ஏ.ஆர். நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லவில்லை. அதற்கு அடியில் கீறல் தாங்கும் ஹார்ட் கோட் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். அதையும் தனி வரியாகப் போட்டுக் காசு கேட்பதுதான் வயிற்றெரிச்சல். அப்புறம் நீல வெளிச்சத்தை வடிகட்டும் ப்ளூ கட் லென்ஸ். கம்ப்யூட்டர் பார்ப்பவர் என்று சொன்னால் போதும், தலையில் கட்டிவிடுவார்கள். கண் சோர்வைக் குறைப்பதில் சாதாரண லென்ஸைவிட இது மேல் என்பதற்கு ஆதாரம் தென்படவில்லை என்று 2023-லேயே மருத்துவ ஆய்வுகளை அலசும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு சொல்லிவிட்டது.

லென்ஸ் எவ்வளவு, கோட்டிங் எவ்வளவு என்று பிரித்துக் கேட்டால், "அது பேக்கேஜ் சார், பிரிக்க முடியாது" என்கிறார்கள். தள்ளுபடி தரும்போது மட்டும் பிரேமைத் தனியாகப் பிரிக்கத் தெரிந்ததே!